வீட்டுக் கணக்கு: லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தின் மூன்று வரிகள்

வெள்ளவத்தையிலே ஆறு மாடிகளும் இருபது வீடுகளும் கொண்ட தொடர்மாடிக் கட்டடம் ஒன்றில் வசிக்கும் அன்பர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் அக்கட்டடத்தின் முகாமைக் குழுவிலே பொருளாளர். கட்டடத்தில் லிப்ட் ஒன்று உண்டு. அதனை வருடம் முழுவதும் பராமரிப்பதற்கு ஒரு நிறுவனம் விலைமனு அனுப்பியிருக்கின்றது. குழுவிலுள்ள மூவர் அதனை வாசித்தனர். ஒருவர், வருடச் செலவு இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரம் என்றார். மற்றவர், இரண்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் என்றார். மூன்றாமவரோ, மூன்று இலட்சத்துக்கும் மேலே போகும் என்று சாதித்தார். “ஒரே தாளை வாசித்த மூவருக்கு மூன்று தொகைகள் எப்படி வந்தன? எதனை நம்பி நாம் கையொப்பம் இடுவது?” என்பது அன்பரின் வினா.

வினா நியாயமானது. தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமையும் முகாமைக் கூட்டுத்தாபனம் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமானால், அந்தச் செலவு எல்லா வீட்டுக்காரர் தலையிலும் பங்காக வந்து விழும். ஆதலின் பொருளாளர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடுவதிலும் பார்க்கக் கூடிய கவனத்துடன் இதனை வாசிக்க வேண்டியவராகின்றார்.

அன்பர் அனுப்பிய விலைமனு இரண்டு பக்கங்கள் கொண்டது. ஆயினும் பணத்தைப் பற்றிய செய்தி அதில் மூன்று வரிகளில் அடங்கிவிடுகின்றது. நிறுவனத்தின் பெயர் இங்கே நமக்கு வேண்டுவதில்லை. அந்த மூன்று வரிகளின் பொருளைத் தமிழிலே தருகின்றோம்.

முதலாவது: வருடாந்தக் கட்டணம் ரூபா 240,000, வரி வேறு.

இரண்டாவது: காலாண்டுத் தவணை ரூபா 66,000, முற்பணமாகச் செலுத்தப்படல் வேண்டும்.

மூன்றாவது: இஃது ஒரு முழுமையான பராமரிப்பு ஒப்பந்தமாகும். மின்சாரக் கோளாறுகள், கம்பி வடங்கள், பற்றரிகள், தேய்மானப் பொருள்கள், கூண்டின் உள்ளலங்காரம், இயற்கை அனர்த்தத்தால் நேரும் சேதம் ஆகியன நீங்கலாகும்.

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

வருடக் கட்டணம் எவ்வளவு?

முதலாவது வரியில் தடுமாறச் செய்வது “வரி வேறு” என்னும் இரண்டு சொற்கள். நம் நாட்டிலே பெறுமதி சேர் வரி 2024 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நூற்றுக்கு 18 வீதமாக அறவிடப்படுகின்றது. அவ்வரிக்குப் பதிவு செய்துள்ள நிறுவனமொன்று 240,000 ரூபாவுக்கு 43,200 ரூபாவை வரியாகச் சேர்க்கும். எனவே கையை விட்டுப் போகும் பணம் 283,200 ரூபாவாகும். பதிவு செய்யாத நிறுவனமோ இவ்வரியை அறவிட உரிமையற்றது. ஆகையால் வரியின் பெயர், அதன் வீதம், நிறுவனத்தின் வரிப் பதிவிலக்கம் ஆகிய மூன்றும் விலைமனுவிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வெறுமனே “வரி வேறு” என்று விட்டுவிட்டால், பட்டியல் வரும்போது அந்தச் சொல்லினுள்ளே எதனையும் புகுத்தலாம்.

இதே வரியைப் பற்றிக் கேட்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டணத்துக்கு எத்தனை வருகைகள்? லிப்டைப் பொறுத்தவரையில் மாதம் ஒரு முறை வந்து, கதவுகளின் பூட்டுகளைச் சோதித்து, தடுப்பைப் பார்த்து, எண்ணெயிட்டு, குழியைத் துப்புரவாக்கிச் செல்வதே பொதுவான வழக்கம். அப்படியாயின் வருடத்துக்குப் பன்னிரண்டு வருகைகள். அன்பர் அனுப்பிய தாளிலே “காலத்துக்குக் காலம்” என்று மட்டுமே காணப்படுகின்றது. காலத்துக்குக் காலம் என்பது நாலு முறையாகவும் இருக்கலாம். பன்னிரண்டு முறையாகவும் இருக்கலாம். பன்னிரண்டாயின் ஒரு வருகை வரி நீங்கலாக 20,000 ரூபா. நாலாயின் ஒரு வருகை 60,000 ரூபா. எண்ணிக்கை தெரியாமல் ஒரு கட்டணம் மலிவா அன்றி அதிகமா என்று எவராலும் கூற முடியாது.

காலாண்டுத் தவணையின் புதிர்

இரண்டாவது வரிக்கு வருவோம். மூவரும் மூன்று தொகை சொன்னதற்குக் காரணம் இந்த வரியே. 240,000 ரூபாவை நாலாகப் பிரித்தால் 60,000 வரும். தாளிலோ 66,000 என்று இருக்கின்றது. மேலதிகமாகவுள்ள 6,000 ரூபா எது?

அது வரியாக இருக்கலாம் என்று ஒருவர் எண்ணக்கூடும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அஃது ஒவ்வாது. 60,000 ரூபாவுக்கு 18 வீத வரி 10,800 ரூபா. வரியுடன் கூடிய தவணை 70,800 ரூபாவாக இருந்திருக்க வேண்டும். ஆகவே அந்த 6,000 வரியன்று. தவணையாகச் செலுத்துவோரிடமிருந்து நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாக வாங்குகின்றார்கள் என்பதே பொருந்தும் விளக்கம். அந்த 66,000 ரூபாவுக்கு மேலேயும் வரி உண்டா என்பதனைத் தாள் சொல்லவில்லை.

இப்போது மூவரின் தொகைகளும் விளங்கும். முதலாமவர் முதல் வரியை மட்டும் வாசித்து 240,000 என்றார். இரண்டாமவர் 66,000 ரூபாவை நாலால் பெருக்கி 264,000 என்றார். மூன்றாமவர் அதற்கு மேலே வரியையும் ஏற்றி, தவணை ஒன்றுக்கு 77,880 ரூபாவாக, வருடத்துக்கு 311,520 ரூபா என்றார். மூவரில் எவரும் கணக்கிலே பிழை விடவில்லை. தாள்தான் தெளிவற்றது. முழுத் தொகையையும் வரியுடன் ஒரேயடியாகக் கட்டினால் 283,200. தவணையாகக் கட்டினால் 311,520. வித்தியாசம் 28,320 ரூபா. இருபது வீடுகளுக்குப் பங்கிட்டால், மாதம் ஒன்றுக்கு வீடொன்றுக்கு முன்னதிலே 1,180 ரூபாவும் பின்னதிலே 1,298 ரூபாவும் வரும்.

“பத்து வீதந்தானே, அது பெரிதா?” என்று கேட்போர் உளர். மாணவ நேயர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இந்த இடத்தில் நம்முடன் வருவார்களாக. வரியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்ப்போம். ஒரேயடியாகக் கட்டவேண்டிய தொகை 240,000. முதலாந் தவணையாக 66,000 ரூபாவை முதல் நாளே கொடுத்துவிடுகின்றோம். எஞ்சியிருப்பது 174,000 ரூபா. உண்மையிலே நிறுவனம் நமக்குக் கடனாக விட்டிருப்பது இவ்வளவே. இதற்காக மூன்று மாதத்துக்கொரு முறை 66,000 ரூபா வீதம் மூன்று தடவை, அதாவது 198,000 ரூபா திருப்பிக் கொடுக்கின்றோம். ஆகவே 24,000 ரூபா வட்டி.

அந்த வட்டி என்ன வீதம்? காலாண்டுக்கு 6.75 வீதம் என்று வைத்துப் பாருங்கள். 174,000 ரூபாவுக்கு முதற் காலாண்டு வட்டி 11,745 ரூபா. அதனைக் கூட்டி 66,000 ரூபாவைக் கழித்தால் 119,745 மிஞ்சும். அதற்கு அடுத்த காலாண்டு வட்டி ஏறத்தாழ 8,083 ரூபா. கூட்டி மீண்டும் 66,000 ரூபாவைக் கழித்தால் 61,828 மிஞ்சும். அதற்கு வட்டி ஏறத்தாழ 4,173 ரூபா. இரண்டையுங் கூட்டினால் 66,001 வரும். கடைசித் தவணையோடு கடன் சரியாகத் தீர்ந்துவிடுகின்றது. ஒரு ரூபா வித்தியாசம் பின்னங்களால் வந்தது. காலாண்டுக்கு 6.75 என்றால் வருடத்துக்கு 27 வீதம். தாளிலே பத்து வீதமாகத் தோன்றியது, கடனின் அளவும் அது நிற்கும் காலமும் குறுகியவை என்பதனால், உண்மையில் 27 வீத வட்டியாகின்றது.

அப்படியானால் வருடப் பணம் முழுவதையும் முதல் நாளே கட்டிவிடுவது புத்திசாலித்தனமா? அதற்கும் அவசரப்படலாகாது. பணம் முழுவதும் கைமாறிய பின், மாத வருகை தவறினால் நம் கையில் பிடி ஒன்றும் இராது. தவணை முறையின் உண்மையான பயன் வட்டிக் கணக்கிலே இல்லை. வேலை நடந்ததைப் பார்த்த பின் பணம் கொடுப்பதிலேயே அது இருக்கின்றது. ஆனால் இந்த விலைமனுவோ தவணையையும் முற்பணமாகவே கேட்கின்றது. நாம் பத்து வீதம் கூடுதலாகவும் கொடுத்து, வேலைக்கு முன்னதாகவும் கொடுத்தால், தவணையினால் நமக்கு எஞ்சும் நன்மை மிகச் சிறிது.

ஆதலின் நிறுவனத்திடம் கேட்கவேண்டியது இதுவாகும்: தவணை 60,000 ரூபாவும் வரியுமாக, மொத்தம் 70,800 ரூபாவாக இருக்கட்டும், ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும், அக்காலாண்டுக்குரிய மூன்று வருகைகளும் லிப்டின் பதிவேட்டிலே எழுதப்பட்டு, நம் பக்கத்து ஒருவரின் ஒப்பமும் பெற்ற பின், பதினான்கு நாட்களுக்குள் செலுத்தப்படும். நிறுவனம் இதற்கு இணங்காதுவிடின், முதலாந் தவணையை மட்டும் முற்பணமாகவும் ஏனையவற்றைக் காலாண்டு முடிவிலும் கொடுப்பதாக இடைவழி ஒன்றைக் கூறலாம். எப்படியாயினும் நாலு தவணைகளின் திகதிகளும், வரியுடன் கூடிய தொகைகளும் நாலு வரிகளாக எழுதப்பட்டு, கீழே கூட்டுத்தொகை இடப்படல் வேண்டும். கூட்டுத்தொகை முதலாவது வரியோடு ஒத்துப்போகுமானால் புதிர் தீர்ந்தது.

“முழுமையான” என்னும் சொல்

மூன்றாவது வரியே எல்லாவற்றிலும் விலை கூடியது. லிப்டுப் பராமரிப்பிலே பொதுவாக இரண்டு வகை ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்று, சோதித்து எண்ணெயிட்டுச் சரிசெய்யும் கூலி மட்டும் அடங்கியது. பாகங்கள் பழுதானால் விலை வேறு. மற்றது, கூலியோடு பாகங்களும் அடங்கியது. ஆங்கிலத்திலே “கொம்பிரிஹென்சிவ்” என்று தலைப்பிட்டு வருவது இந்த இரண்டாவது வகை. இதன் கட்டணம் கூட. நம் அன்பருக்கு வந்த தாளும் அந்தத் தலைப்போடுதான் வந்திருக்கின்றது. ஆயின் தலைப்பு ஒன்றைக் கொடுக்க, “நீங்கலாக” என்னும் சொல் அதனைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றது.

இதனைச் சோதிப்பதற்கு எளிய வழியொன்று உண்டு. கட்டடத்தின் பழைய பட்டியல்களை எடுத்து, கடந்த மூன்று வருடங்களில் நடந்த ஒவ்வொரு பழுதுக்கும் நேரே, “இந்தப் புதிய ஒப்பந்தம் அன்று இருந்திருந்தால் இச்செலவை யார் கொடுத்திருப்பார்?” என்று எழுதிப் பார்க்கவேண்டும். அன்பர் நம் வேண்டுகோளின்படி அப்பட்டியல்களின் தொகைகளையும் அனுப்பினார். வரி நீங்கலாக அவை பின்வருமாறு:

கதவுகளின் சில்லுகள் மாற்றியதற்கு ரூபா 18,000.
மின்சாரம் நின்றால் கூண்டை அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுசென்று கதவைத் திறக்கும் சாதனத்தின் பற்றரிகளுக்கு ரூபா 52,000.
கம்பி வடங்கள் ஒரு தொகுதிக்கு ரூபா 310,000.
கதவை இயக்கும் மின்சுற்றுப் பலகைக்கு ரூபா 140,000.
மழைவெள்ளம் குழியினுள் புகுந்ததைச் சீர்செய்ய ரூபா 26,000.
கூண்டின் கண்ணாடிக்கும் விளக்குக்கும் ரூபா 9,000.
மொத்தம் ரூபா 555,000.

இனி விலைமனுவின் மூன்றாவது வரியை ஒவ்வொன்றின் மீதும் வைத்துப் பாருங்கள். சில்லு தேய்மானப் பொருள், நீங்கல். பற்றரி பெயர் சொல்லியே நீங்கல். வடமும் அவ்வாறே. மின்சுற்றுப் பலகை மின்சாரக் கோளாறு என்று நீங்கல். வெள்ளம் இயற்கை அனர்த்தம். கண்ணாடியும் விளக்கும் உள்ளலங்காரம். ஆறு செலவுகளில் ஒன்றையேனும் இந்த “முழுமையான” ஒப்பந்தம் தாங்கியிராது! கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தத்துக்கும் இதற்கும் இந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரையில் வேற்றுமை இல்லை.

எல்லா நீங்கல்களும் அநியாயமானவை என்று நாம் சொல்ல வரவில்லை. நியாயமானதையும் அல்லாததையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். பராமரிப்பவனின் கண்ணும் கையும் எட்டக்கூடிய பழுதா, அன்றி வெளியிலிருந்து வந்த கேடா என்பதே அது. குழியினுள் வெள்ளம் வருவது கட்டடத்தின் வடிகாலைப் பொறுத்தது. அதனைப் பராமரிப்பவன் தடுக்க இயலாது. கண்ணாடியை ஒருவர் உடைத்தால் அதுவும் அவ்வாறே. இவை நீங்கலாக இருப்பது நியாயம். பற்றரி சில வருடங்களில் ஓய்ந்துபோவது நிச்சயமாகத் தெரிந்த செலவு. அது உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் விலை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சில்லும், கூண்டை வழிகாட்டும் சறுக்குகளும், தடுப்பின் உறைகளும் தேய்வதே பராமரிப்பின் உயிர்நாடியான விடயம். எண்ணெயும் சீரமைப்பும் பிந்தினால் அவை விரைவாகத் தேயும். அவற்றை நீக்கிவைப்பதால், கவனமின்மையின் விலையைக் கவனிக்கவேண்டியவனே நம்மிடம் வாங்குவதாகின்றது.

“மின்சாரக் கோளாறு” என்பது அதனிலும் பரந்த வலை. இக்கால லிப்டிலே மோட்டாரின் வேகத்தை ஆள்வதும், கதவை ஆள்வதும், பொத்தான்களின் கட்டளையை ஏற்பதும் மின்சுற்றுப் பலகைகளே. ஒரு பலகை எரிந்தால் அது மின் அழுத்தம் கூடியதனால் எரிந்ததா, பழமையால் எரிந்ததா, தூசியும் வெப்பமும் சேர்ந்ததனால் எரிந்ததா என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. சொல்பவர் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரே. அவர் “வோல்டேஜ்” என்று ஒரு சொல்லைச் சொன்னால் 140,000 ரூபாவுக்குப் பட்டியல் வரும்.

ஆகவே இந்த நீங்கலைச் சுருக்கி எழுதுவிக்க வேண்டும். இடிமின்னலாலும், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் அழுத்தம் மிகையாய் ஏறியதாலும் நேர்ந்த சேதம் மட்டுமே நீங்கல் என்று இருக்கட்டும். அதுவும், நிறுவனம் எழுத்திலே காரணங் காட்டி, கழற்றிய பாகத்தையும் நம்மிடம் ஒப்படைத்தால் மட்டுமே. பழைய பாகம் கையில் இருந்தால் வேறொரு தொழிலறிந்தவரிடம் காட்டலாம். அதே வேளையில் நம் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு. மின்சார இணைப்பிலே மிகையழுத்தத் தடுப்புச் சாதனம் ஒன்றையும், மூன்று முனை மின்சாரத்தில் ஒரு முனை தவறினால் லிப்டை நிறுத்தும் சாதனம் ஒன்றையும் பொருத்திவைத்தால், அந்தத் தர்க்கம் எழும் சந்தர்ப்பமே குறைந்துவிடும்.

வடங்களைப் பற்றி ஒரு சொல்

கம்பி வடங்கள் 310,000 ரூபா என்றதும், அவற்றை எப்படியாவது ஒப்பந்தத்தினுள்ளே சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. இங்கேதான் நிதானம் வேண்டும். வடம் சில்லைப் போன்றதன்று. நன்றாகப் பராமரிக்கப்பட்டால் பல வருடங்கள் உழைக்கும். வடத்திலே அறுந்த இழைகள் அளவு கடந்தாலோ, வடம் மெலிந்து போனாலோ மாற்றுவார்கள். ஒன்று கெட்டாலும் தொகுதி முழுவதையும் ஒருமிக்க மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் கலந்தால் பாரம் ஒரே அளவாக அவற்றின்மேல் தங்காது.

அன்பரின் கட்டடத்திலே சென்ற வருடந்தான் வடம் மாற்றப்பட்டிருக்கின்றது. ஆகையால் அடுத்த ஒரு வருடத்துக்கு அதனை ஒப்பந்தத்தினுள் சேர்ப்பதற்காகக் கூடுதற் பணம் கொடுப்பதில் பயன் அரிது. அவர் வடத்தை வெளியே விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கலாம். 555,000 ரூபாவிலிருந்து வடத்தை நீக்கினால் மூன்று வருடச் செலவு 245,000; வருடத்துக்கு ஏறத்தாழ 82,000 ரூபா. அதிலே உரைகல்லின்படி உள்ளே வரவேண்டியவை சில்லும் மின்சுற்றுப் பலகையும். அவை மூன்று வருடத்தில் 158,000. வருடத்துக்கு ஏறத்தாழ 53,000 ரூபா.

இந்தத் தொகையே பேரம் பேசுவதற்குரிய அளவுகோல். தேய்மானப் பொருள்களையும் மின்சுற்றுப் பலகைகளையும் உள்ளே சேர்ப்பதற்கு நிறுவனம் வருடத்துக்கு 30,000 ரூபா கூடுதலாகக் கேட்டால், கொடுப்பது இலாபமானது. 80,000 கேட்டால் இப்போதைய நிலையில் வேண்டாம். அந்தப் பணத்தைப் பராமரிப்பு நிதியிலே சேமித்து வைப்பது மேல். மூன்று வருடக் கணக்கு என்பது சிறிய அளவுகோல் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரு பலகை எரிவதும் எரியாமல் விடுவதும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. லிப்ட் பழையதாகிப் பழுதுகள் ஆண்டுக்காண்டு கூடிவரும் கட்டடத்திலே கூடுதற் கட்டணமும் பொருந்தக்கூடும். வடங்கள் முதுமையடைந்த கட்டடத்தார் அவற்றை உள்ளே சேர்க்கக் கேட்கலாம். ஆயின் நிறுவனம் முதலில் வந்து சோதித்து, அந்நேரமே தேய்ந்திருப்பதை ஏற்க மறுப்பது வழக்கம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நீங்கலாக உள்ள பழுதுகளிலும் கூலி யாருடையது என்ற கேள்வி எஞ்சுகின்றது. பாகத்தின் விலையை மட்டும் நாம் கொடுப்பதா, அதனைப் பொருத்தும் கூலியையும் கொடுப்பதா? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அழைத்தால் தனிக் கட்டணமா? கூண்டினுள்ளே ஒருவர் அகப்பட்டுக்கொண்டால், எந்நேரமாயினும் கட்டணமின்றி வந்து மீட்பதாக எழுத்திலே இருத்தல் வேண்டும். மூச்சு முட்டி நிற்கும் ஒரு முதியவரை மீட்பதற்கு முன் கட்டணம் பேசும் நிலை எந்தக் கட்டடத்துக்கும் வரலாகாது.

அனுப்பவேண்டிய கடிதம்

இவற்றையெல்லாம் தொலைபேசியிலே கேட்டால் மறுமொழி இனிமையாக வரும். ஆனால் ஒப்பந்தத்தில் ஏறாது. ஆகவே கையொப்பத்துக்கு முன் ஒரு சிறு கடிதம் எழுதி, அதற்கு எழுத்திலே பதில் பெறுதல் நன்று. கடிதம் இவ்வாறு இருக்கலாம்:

“தங்கள் விலைமனு கிடைத்தது. பின்வருவனவற்றைத் தெளிவுபடுத்தித் திருத்திய விலைமனுவொன்றை அனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஒன்று: வருடாந்தக் கட்டணம், வரியின் பெயரும் வீதமும் தொகையும், வரியுடன் கூடிய மொத்தம், வருடத்துக்குரிய வருகைகளின் எண்ணிக்கை. இரண்டு: நாலு தவணைகளின் திகதிகளும் வரியுடன் கூடிய தொகைகளும். தவணை முறைக்குக் கூடுதற் கட்டணம் உண்டாயின் அதனைத் தனியாகக் காட்டுக. தவணைகளைக் காலாண்டு முடிவில் செலுத்த விரும்புகின்றோம். மூன்று: இத்துடன் இணைத்துள்ள பாகங்களின் நிரலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, பாகம் அடங்குமா, கூலி அடங்குமா என்று ஆம் அல்லது இல்லை எனக் குறிப்பிடுக. நிரலில் இல்லாத பாகங்கள் அடங்கியனவாகவே கொள்ளப்படும்.”

இக்கடிதத்தின் கடைசி வாக்கியம் சிறியதாயினும் ஆற்றல் உடையது. சாதாரண விலைமனுவிலே நீங்கல்களை நிறுவனம் எழுதுகின்றது. சந்தேகம் வந்தால் சொல்லின் பரப்பு அதன் பக்கம் சாயும். நிரலை நாம் எழுதி அனுப்பினால் சந்தேகத்தின் பயன் நம் பக்கம் வரும். நிறுவனம் அந்த வாக்கியத்தை ஏற்க மறுக்கலாம். மறுத்தால், எந்தப் பாகத்தை மனத்தில் வைத்து மறுக்கின்றது என்று கேட்கலாம். அதற்கு வரும் பதிலே நாம் தேடிய பதில்.

நிரலிலே பன்னிரண்டு பாகங்கள் போதும்: மோட்டார், அதன் தாங்கிகள், தடுப்பு, வடங்கள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள பலகைகள், கதவு இயக்கி, கதவுச் சில்லுகளும் பூட்டுகளும், வழிகாட்டும் சறுக்குகள், பொத்தான்கள், பற்றரிகள், கூண்டின் விளக்கும் விசிறியும். இவற்றுக்கு எதிரே ஆம், இல்லை என்ற சொற்கள் நிரம்பி வந்த தாளை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, இரு பக்கத்தாரும் ஒப்பமிட வேண்டும். இணைப்பாகச் சேராத கடிதம் பின்னொரு நாள் வெறுங் கடிதமாகவே மதிக்கப்படலாம்.

ஒப்பமிடுமுன் கவனிக்கவேண்டியது இன்னும் ஒன்றே. வருட முடிவில் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படுமா, அப்போது கட்டணம் உயருமாயின் எத்தனை நாட்களுக்கு முன் அறிவிப்பார்கள் என்பது. அறிவித்தல் முப்பது நாட்களுக்குக் குறையாமல் இருந்தால் வேறு நிறுவனங்களிடம் விலை கேட்டுப் பார்க்க அவகாசம் கிடைக்கும். வெள்ளவத்தை அன்பரின் குழு இந்தக் கடிதத்தை அனுப்பி, திருத்திய தாள் கையில் வந்த பின் மீண்டும் கூடட்டும். அப்போது மூவரும் அதனை வாசித்து ஒரே தொகையைச் சொல்வார்களாயின், ஒப்பமிடலாம். மூன்று தொகைகள் மீண்டும் வருமாயின், பேனாவை மூடிவைத்து இன்னொரு கடிதம் எழுதுக.